ஒன்பது மாதச் சம்பளம், பன்னிரண்டு மாத டார்கெட்

வணக்கம் ஐயா. திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் சீனியர் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். ஜெர்மனியில் இருக்கும் மகளுக்கு செப்டம்பரில் பிரசவம். கிட்டத்தட்ட மூன்று மாதம் லீவு வேண்டும். ஏப்ரலில் டார்கெட் மீட்டிங் வருகிறது. அங்கேயே சொன்னால் டார்கெட்டைக் குறைக்கச் சாக்கு தேடுகிறேன் என்று நினைப்பார்களோ? ஆகஸ்டில் லீவு எழுதிக் கொடுத்தால் போதாதா? வீட்டுக்காரர் "இப்ப வாயைத் திறக்காதே" என்கிறார்.
– ஒரு வாசகி, திருப்பூர்

அன்புள்ள அம்மிணி,

பாட்டியாகப் போகிறீர்கள், அதற்கு முதலில் சந்தோஷம். வீட்டுக்காரர் சொல்வதை இந்த ஒரு விஷயத்தில் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். என்ன நினைப்பார்கள் என்ற பயத்தையும் ஓரமாக வையுங்கள். மூன்று மாதத்தில் கையிருப்பு லீவு தீர்ந்த பிறகு மிச்ச நாளெல்லாம் சம்பளப் பிடித்தம்தான். சம்பளத்தைக் குறைக்கும்போது யாரும் கூச்சப்படுவதில்லையே, டார்கெட்டைக் குறைக்கச் சொல்ல நீங்கள் மட்டும் ஏன் கூனிக் குறுக வேண்டும்?

உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்குப் பழைய ஆள் ஒருவர் ஞாபகம் வந்துவிட்டார். எழுத வருவதற்கு முன் நான் கோயம்புத்தூரில் ஒரு மோட்டார் பம்ப் கம்பெனியில், டீலர்வாரியாக விற்பனைக் கணக்கு போடும் வேலையில் இருந்தேன். சேலம், நாமக்கல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்த ஒரு சேல்ஸ்காரர், தன் அண்ணனுக்கு ஒரு சிறுநீரகம் கொடுக்க வேண்டியிருந்தது. டிசம்பர், ஜனவரி இரண்டு மாதம் வர முடியாது என்று ஏப்ரல் மீட்டிங்கிலேயே மேனேஜரிடம் சொல்லிவிட்டார். மேனேஜரும் நல்ல மனுஷன். "நான் இருக்கேன், பாத்துக்கலாம், நீ போய் அண்ணனைப் பாரு" என்றார். மனசாரத்தான் சொன்னார். நவம்பரில் அவரை வடக்கே மாற்றிவிட்டார்கள்.

போர்வெல் மோட்டாருக்குக் கோடைதான் சீசன். டீலர்கள் சரக்கு எடுக்கலாமா, எவ்வளவு எடுக்கலாம் என்று முடிவு செய்வது அதற்கு முன்னால். இவர் ஆஸ்பத்திரியில் இருந்த அந்த இரண்டு மாதத்தில் டீலர்கள் வேறு கம்பெனிக்காரனிடம் ஆர்டர் கொடுத்துவிட்டார்கள். பிப்ரவரி, மார்ச்சில் இவர் ஊர் ஊராக அலைந்தும் பில் ஏறவில்லை. வருஷக் கடைசியில் 76 சதவீதம். 80-க்குக் கீழே போனால் இன்சென்டிவ் கிடையாது என்பது கம்பெனி விதி. புது மேனேஜர் அந்த டார்கெட் ஷீட்டை எடுத்துப் பார்த்தார். கீழே குறிப்பு எழுத விட்டிருந்த கட்டம் வெள்ளையாக இருந்தது. லீவு ஃபைலில் லீவு இருக்கிறது, டார்கெட் ஷீட்டில் டார்கெட் இருக்கிறது, இரண்டையும் சேர்த்து ஒரு வரி எங்கேயும் இல்லை. வயிற்றில் தையல் தழும்போடு வேலைக்கு வந்த மனுஷனுக்கு அந்த வருஷம் 'சராசரிக்குக் கீழே' என்று போட்டார்கள். இப்போது நினைத்தாலும் எனக்கு ஆறவில்லை.

ஆகஸ்டில் லீவு எழுதிக் கொடுத்தால் போதாது என்று நான் சொல்வது இதனால்தான். லீவை ஒப்புக்கொள்வது ஒரு காரியம், டார்கெட்டை மாற்றுவது வேறு காரியம். ஒன்றைச் செய்தால் இன்னொன்று தானாக நடந்துவிடாது. மார்ச்சில் மேனேஜர்கள் எல்லோரும் உட்கார்ந்து ரேட்டிங்கை ஒப்பிட்டுப் பேசும் அறையில் நீங்கள் இருக்க மாட்டீர்கள். உங்கள் பெயருக்கு நேரே ஒரு வரி இருக்கும், அந்த வரியில் எழுதாதது எதுவும் அங்கே பேசப்படாது.

அடுத்ததாக, இதில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். சொல்லத் துணிந்தவர்கள்கூட, "மூணு மாசம் இல்ல, அதனால பன்னிரண்டுல மூணைக் கழிச்சிருங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிடுகிறார்கள். உங்கள் தொழிலில் அது தப்புக் கணக்கு. நீங்கள் செப்டம்பர் முதல் நவம்பர் வரை இல்லாதபோது போகிற ஷிப்மென்ட், ஜூன், ஜூலையில் நீங்களே உறுதி செய்த ஆர்டர். அது உங்கள் கணக்கில் நன்றாகவே ஏறும். இல்லாத மாதங்களில் உறுதியாகிற சம்மர் ஆர்டர்தான் ஜனவரி முதல் மார்ச் வரை கப்பலேறுகிறது. பள்ளம் விழுவது அங்கே. ஈரோட்டுப் பக்கம் மஞ்சளுக்கு ஆடியில் களை எடுக்காமல் விட்டவனுக்குத் தை மாதம் வெட்டும்போதுதானே தெரியும், அதே கதைதான். நீங்கள் திரும்பி வந்து முழு மூச்சாக வேலை செய்யும் மாதங்களில் கணக்கு மோசமாகத் தெரியும். "லீவு முடிஞ்சு வந்துட்டாங்க, இன்னும் ஏன் இப்படி?" என்று கேட்பார்கள்.

உதாரணத்துக்கு, உங்கள் வருஷ ஷிப்மென்ட் டார்கெட் 12 கோடி என்று வைத்துக்கொள்வோம். காலாண்டு வாரியாக இரண்டரை, இரண்டரை, இரண்டு, கடைசியில் ஐந்து. நேராகக் கழித்தால் 9 கோடி வரும். ஆனால் அந்தக் கடைசி ஐந்தில், நீங்கள் கிளம்புவதற்கு முன் சாம்பிள் அப்ரூவல் வாங்கி ஆர்டர் உறுதியாகக்கூடியது ஒரு கோடிதான் என்றால், மிச்சம் நாலு கோடியும் உங்கள் இடத்தில் இருக்கப்போகிறவர் கையில். அப்போது உங்களுக்கு நியாயமான டார்கெட் 8 கோடி. 9 என்று ஷீட்டில் எழுதிவிட்டு எட்டை முழுசாக முடித்தாலும் 89 சதவீதம் என்றுதான் காட்டும். ஒன்றுமே எழுதாவிட்டால் அதே எட்டு 67 சதவீதம். அந்த நாலு கோடியை டிசம்பரில் வந்து புரொடக்‌ஷன் ஃபாலோ-அப் செய்து அனுப்பப்போவது நீங்கள் என்று கம்பெனி சொன்னால் அதிலும் நியாயம் இருக்கிறது. இருவருக்கும் எப்படிப் பிரிப்பது என்பதை ஏப்ரலிலேயே பேசி முடித்துவிடுங்கள். மார்ச்சில் பேசினால் சண்டைதான் வரும்.

எல்லாவற்றையும் குறைக்கச் சொல்லக் கூடாது, அதையும் சொல்லிவிடுகிறேன். குறித்த தேதிக்கு ஷிப்மென்ட் அனுப்பும் சதவீதத்துக்கு லீவோடு சம்பந்தமில்லை. 95 என்றால் 95-தான், நீங்கள் பொறுப்பில் இல்லாத மாதங்களை மட்டும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்று கேளுங்கள். புது பையர் ஒருவரைப் பிடிப்பது மாதிரியான காரியத்தை முக்கால் பங்கு செய்ய முடியாது. ஆகஸ்டுக்குள் முடியுமா பாருங்கள், முடியாதென்றால் இந்த வருஷ ஷீட்டிலிருந்து எடுத்துவிட்டு அடுத்த வருஷம் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

மீட்டிங்கில் எல்லோர் முன்னாலும் திடீரென்று போட்டு உடைக்காதீர்கள். ஒரு வாரம் முன்னால் உங்கள் மேலதிகாரியிடம் தனியாகச் சொல்லிவிடுங்கள். யார் பார்த்துக்கொள்வார்கள் என்று அவருக்கும் யோசிக்க நேரம் வேண்டும். நல்ல பையரை உங்களிடமிருந்து பிடுங்கி வேறு ஒருவருக்குக் கொடுத்துவிடுவார்களோ என்று கவலை இருக்கும், அது வீண் கவலை இல்லை, நடக்கக்கூடியதுதான். அதனால் எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, பொறுப்பில் யார், திரும்பி வந்ததும் எந்த பையர் மறுபடி உங்களிடம், டார்கெட் எவ்வளவு என்று நாலு வரி எழுதி, டார்கெட் ஷீட்டின் குறிப்புக் கட்டத்திலேயே போடச் சொல்லுங்கள். சிஸ்டத்தில் அப்படி இடம் இல்லையென்றால் மீட்டிங் முடிந்த அன்றே மெயில் போட்டு "சரி" என்று ஒரு பதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம், அரையாண்டு ரிவ்யூ அக்டோபரில் வரும், நீங்கள் அப்போது பேரனையோ பேத்தியையோ குளிப்பாட்டிக்கொண்டிருப்பீர்கள். கிளம்புவதற்கு முன்பே அதை முடித்துத் தரச் சொல்லுங்கள்.

தேதியை எழுதும்போது விசாவையும் பாருங்கள். ஷெங்கன் விசாவில் எந்த 180 நாளை எடுத்தாலும் 90 நாளுக்கு மேல் அங்கே தங்க முடியாது, வந்து இறங்கும் நாளும் கிளம்பும் நாளும் அதில் சேர்த்தி. பயணத்துக்கு ஆறு மாதம் முன்னாலிருந்தே விண்ணப்பிக்கலாம். செப்டம்பர் 5 போய் நவம்பர் 30 திரும்பினால் 87 நாள். ஷீட்டில் அந்தத் தேதிகளையே போடுங்கள், "சுமார் மூன்று மாதம்" என்று மொட்டையாக எழுதாதீர்கள்.