குடித்தால் மட்டும் அடிக்கும் கணவர்

"என் கணவர் குடித்தால்தான் கை நீட்டுவார், மற்றபடி தங்கமானவர். குடியை நிறுத்திவிட்டால் அடியும் நின்றுவிடுமா? கோலாலம்பூரில் பிளாட் வீடு, இரண்டு பிள்ளைகள்."

நிற்கும் என்று நம்பிக் காத்திருக்காதீர்கள். செந்தூல் பக்கம் ஒரு பிளாட்டில் இருந்த என் அக்காவும் "குடிச்சாதான் அப்படி" என்று பல வருஷம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அத்தான் சம்பளம் வாங்கிய வாரம் குடிப்பார். கடைக்காரர் பழைய கடனைக் கேட்டுத் திட்டினால் சிரித்துக்கொண்டே கேட்டுக்கொள்வார். கீழே காவலாளிக்கு வணக்கம் வைப்பார். மேலே வந்து கிரில் கதவைப் பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் போட்ட பிறகுதான் கை நீளும். உடைவதெல்லாம் அக்காவின் போன், அக்காவின் பாத்திரம். அவருடைய டிவிக்கு ஒரு கீறல் விழுந்ததில்லை. யாரை அடிக்கலாம், எங்கே அடித்தால் வெளியே தெரியாது என்பதெல்லாம் தெரிந்திருக்கும் அளவுக்குத்தான் அந்தப் போதை.

மதுவுக்குப் பங்கே இல்லை என்று நான் சொல்லவில்லை. அது நிதானத்தைக் குறைக்கும், சாதாரணப் பேச்சையும் அவமானமாக எடுத்துக்கொள்ள வைக்கும், காயத்தைப் பெரிதாக்கும். ஆனால் மனைவியை அடிக்கலாம் என்ற நினைப்பு பாட்டிலில் இருந்து வருவதில்லை. உடனே சில அண்ணன்மார்கள் "குடிக்கிற எல்லாரும் அடிக்கிறோமா?" என்று கமெண்டில் வருவார்கள். அதைத்தானே நானும் சொல்கிறேன்! எங்கள் அப்பா சம்சு குடித்தே ஈரல் கெட்டு இறந்தவர். அம்மாவை ஒருநாளும் தொட்டதில்லை. மலேசியச் சட்டத்திலும் தானாகக் குடித்த போதை, பொதுவாகக் குற்றத்துக்குச் சாக்காக நிற்காது.

நடுவில் அத்தான் சில மாதம் குடியை விட்டார். அடி குறைந்தது. ஆனால் போனை நோண்டுவதும், அக்காவின் ஏடிஎம் கார்டை வாங்கி வைத்துக்கொள்வதும் குறையவில்லை. அப்புறம் ஒருநாள், ஒரு சொட்டுகூடக் குடிக்காமல், கழுத்தைப் பிடித்தார். கழுத்தில் கை வைப்பது மற்ற அடி மாதிரி இல்லை. உயிருக்கே ஆபத்து நெருங்கிவிட்டதற்கான அடையாளம் அது. வெளியே தழும்பு இல்லாவிட்டாலும் குரல் கம்மினால், விழுங்கக் கஷ்டமாக இருந்தால், மூச்சு முட்டினால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பெரிய அரசாங்க மருத்துவமனைகளின் அவசரப் பிரிவிலேயே இதற்கென்று ஒரு மையம் உண்டு. அங்கே சிகிச்சை கொடுப்பார்கள், காயத்தைப் பதிவு செய்வார்கள், போலீஸ் புகாருக்கும் உதவுவார்கள்.

அன்றைக்குப் பிறகுதான் நாங்கள் உட்கார்ந்து திட்டம் போட்டோம். முதலில் கிரில் சாவி. இன்னொன்று வெட்டி எதிர்வீட்டு மக்சிக்கிடம் கொடுத்தோம். "சீனி இருக்கா?" என்று அக்கா மெசேஜ் அனுப்பினால் 999-க்குக் கூப்பிட வேண்டும் என்று அவரோடு பேசி வைத்தோம். சண்டை மூளும்போது கத்தி இருக்கும் சமையலறைக்கும், வேறு வழியில்லாத குளியலறைக்கும் போகாமல் வாசல் பக்கம் நிற்க வேண்டும். போதையில் இருப்பவரிடம் நியாயம் பேசக் கூடாது. பிள்ளைகள் நடுவில் விழுந்து தடுக்கக் கூடாது, மக்சிக் வீட்டுக்கு ஓட வேண்டும். அதைப் பகலில், விளையாட்டு மாதிரி ஓட விட்டுப் பழக்கினோம். படிக்கட்டு வழியாகத்தான், ஏனென்றால் அந்த பிளாட்டில் லிப்ட் வேலை செய்த நாளை விட செய்யாத நாள்தான் அதிகம். பராமரிப்புக் கட்டணத்துக்கு மட்டும் மாதம் தவறாமல் கடிதம் வரும். அதைப் பற்றித் தனியாகவே எழுதலாம், விடுங்கள்.

ஐசி, பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம், திருமணச் சான்றிதழ், மருந்து, கொஞ்சம் ரொக்கம் எல்லாம் ஒரு பையில் என் வீட்டுக்கு வந்தன. திடீரென்று காணாமல் போனால் சந்தேகம் வரும் பத்திரங்களைப் படம் மட்டும் எடுத்துக்கொண்டோம். கிளம்பப் போவதை அத்தானிடம் சொல்லவே இல்லை. பிரிந்து போகும் நேரம்தான் அதிக ஆபத்தான நேரம். "சொல்லாமல் போவது மரியாதையா?" என்று கேட்ட உறவினர்கள் யாரும் அடி விழுந்தபோது வந்து நிற்கவில்லை.

போலீஸுக்குப் போகத் தயக்கம் என்றால், அவசரப் பாதுகாப்பு ஆணை என்று ஒன்று இருக்கிறது. குடும்ப வன்முறைச் சட்டம் 1994-இல் வந்தது, இந்த ஆணை பின்னால் வந்த திருத்தத்தில் சேர்ந்தது. போலீஸ் புகார் இல்லாமலே சமூக நல அதிகாரி கொடுக்கலாம். ஆனால் ஏழு நாள்தான் செல்லும். அதற்கு மேல் பாதுகாப்பு வேண்டுமென்றால் புகார் கொடுத்து, விசாரணை நடக்கும்போது நீதிமன்றத்தில் இடைக்கால ஆணை வாங்க வேண்டும். ஆணை ஒரு காகிதம்தான், அவர் வாசலுக்கு வந்துவிட்டால் 999தான். அக்காவை நல இலாகாவுக்கு நான்தான் கூட்டிப் போனேன்.

எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை என்றால் 15999, தாலியான் காசே உதவி எண். இருபத்து நாலு மணி நேரமும் எடுப்பார்கள். அவர் உங்கள் போனைப் பார்ப்பவர் என்றால் வேலையிடத்து போனிலிருந்தோ தோழியின் போனிலிருந்தோ கூப்பிடுங்கள். நீங்கள் இங்கே கேட்ட இந்தக் கேள்வியையும் பிரவுசர் வரலாற்றிலிருந்து அழித்துவிடுங்கள்.