தப்பான ஆப்ஷனே தப்பைக் காட்டும்

கேள்வி: வங்கித் தேர்வுக்குப் படிக்கிறேன். பார் சார்ட், அட்டவணைக் கணக்குகளில் பாதி விடை தப்பாகிறது. மாக் டெஸ்ட் முடிந்ததும் மறுபடி போட்டுப் பார்த்தால் கூட்டல், வகுத்தல் எல்லாம் சரியாகவே இருக்கிறது. தப்பு எங்கே என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: மறுபடி போடும்போது நீங்கள் ரஃப் ஷீட்டில் எழுதிய எண்களையே எடுத்துக்கொள்கிறீர்கள். தப்பு பெரும்பாலும் அந்த எண்கள் வருவதற்கு முன்பே நடந்துவிடுகிறது. அதனால் கணக்கை விட்டுவிட்டு, நீங்கள் டிக் செய்த தப்பான ஆப்ஷனை எடுங்கள். அந்த எண் எந்த வழியில் வந்திருக்கும் என்று பின்னாலிருந்து தேடுங்கள்.

பயிற்சிக்காக ஒரு சார்ட் சொல்கிறேன். ஒரு கடையின் ஆண்டு விற்பனை, ஆயிரத்தில். செங்குத்து அச்சு 40-இல் தொடங்கி 60, 80, 100 என்று போகிறது. இரண்டு எண்களுக்கு நடுவே எண் எழுதாத ஒரு கோடு. 2020-க்கான பட்டை 60-இல் நிற்கிறது. 2021-க்கானது 80-க்கு மேலுள்ள எண் இல்லாத கோட்டைத் தொடுகிறது. 2020-ஐவிட 2021-இல் விற்பனை எத்தனை சதவீதம் அதிகம்? ஆப்ஷன்கள்: 33⅓, 41⅔, 50, 150.

80-க்கும் 100-க்கும் நடுவே ஒரே கோடு, ஆக அது 90. கூடியது 30. அதை 60-ஆல் வகுத்தால் 50%. மற்ற மூன்றும் சும்மா வைத்த எண்கள் இல்லை. 33⅓ போட்டிருந்தால் 30-ஐ 90-ஆல் வகுத்திருக்கிறீர்கள், அடிப்படை மாறிவிட்டது. 41⅔ என்றால் கோட்டுக்கு ஐந்து என்று எண்ணி 90-ஐ 85 என்று படித்திருக்கிறீர்கள். 150 என்றால் எண்ணைப் பார்க்காமல் பட்டையின் உயரத்தைப் பார்த்திருக்கிறீர்கள்: அச்சு 40-இல் தொடங்குவதால் ஒரு பட்டை 20 அளவு உயரம், இன்னொன்று 50 அளவு. கண்ணுக்கு இரண்டரை மடங்கு, உண்மையில் ஒன்றரை மடங்குதான்.

ஒவ்வொரு தப்புக்கும் பக்கத்தில் 'அளவுகோல்' அல்லது 'அடிப்படை' என்று ஒரு சொல் எழுதி வைத்துக்கொண்டே வாருங்கள். உங்கள் பழக்கம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று சில டெஸ்ட்டுகளிலேயே தெரிந்துவிடும். இரண்டுக்கும் மருந்து ஒன்றில்லை என்பதால் இப்படிப் பிரிப்பது முக்கியம்.

அடிப்படைத் தப்பைத் தேர்வு அறையிலேயே பிடிக்கலாம். கிடைத்த சதவீதத்தைப் பழைய எண்ணில் ஏற்றிப் பாருங்கள். 60-இல் 33⅓% என்றால் 20, கூட்டினால் 80. நமக்கு வேண்டியது 90, ஆகவே விடை தப்பு. கேள்வியில் 'ஐவிட' எந்த எண்ணோடு ஒட்டி வருகிறதோ அதுதான் வகுக்கும் எண். '2021-ஐவிட 2020-இல் எத்தனை சதவீதம் குறைவு' என்று திருப்பிக் கேட்டால் அதே 33⅓ சரியான விடையாகிவிடும்.

ஆனால் அளவுகோல் தப்பு இந்தச் சோதனையில் சிக்காது. 60-இல் 41⅔% ஏற்றினால் 85 வரும். நீங்கள் படித்ததும் 85-தானே, எல்லாம் பொருந்திவிடும்! மறுபடி போட்டாலும் சரியாகவே வருவதற்குக் காரணம் இதுதான். ரஃப் ஷீட்டை மூடிவிட்டு, சார்ட்டை மட்டும் பார்த்து எண்களைப் புதிதாக எழுதி, அப்புறம் ஒப்பிடுங்கள். அச்சு எந்த எண்ணில் தொடங்குகிறது, இரண்டு எண்களுக்கு நடுவே எத்தனை இடைவெளி, அலகு ஆயிரமா லட்சமா: பட்டையைத் தொடும் முன் இந்த மூன்றையும் சார்ட்டின் ஓரத்தில் குறித்துவிடுங்கள்.

அட்டவணையில் கோடு இல்லை என்பதால் படிப்பது எளிது, ஆனால் அடிப்படை ஒளிந்திருக்கும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் மக்கள்தொகை சுமார் 7.21 கோடி, எழுத்தறிவு 80.09%. எழுத்தறிவு பெற்றவர்கள் எத்தனை பேர் என்று கேட்டால் கை தானாக இரண்டையும் பெருக்கும், 5.77 கோடி வரும். உண்மையில் 5.18 கோடிதான். எழுத்தறிவு விகிதத்தை ஏழு வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களை வைத்துத்தான் கணக்கிடுகிறார்கள். ஆறு வயது வரையுள்ள சுமார் 74 லட்சம் குழந்தைகளைக் கழித்தால் அடிப்படை 6.47 கோடி ஆகிறது. இந்த விவரம் அட்டவணைக்குக் கீழே சிறிய எழுத்தில் இருக்கும், நட்சத்திரக் குறி போட்டு.

அதனால் அட்டவணையில் சதவீதம் என்று ஒரு பத்தி தெரிந்தால், 'எதில் சதவீதம்?' என்பதற்கு விடை கிடைக்கும்வரை பெருக்காதீர்கள். பத்தித் தலைப்பு, அடிக்குறிப்பு, கேள்விக்கு முன்னால் வரும் இரண்டு வரி விளக்கம், இந்த மூன்றில் ஒன்றில் அது கட்டாயம் இருக்கும். திருத்தும்போது அந்த வரியை அடிக்கோடிட்டு, பக்கத்தில் அடிப்படை எண்ணை எழுதுங்கள்.