நட்டத்தில் ஓடும் குவாரிக்கு ராயல்டி திரும்ப வருமா?

கேள்வி: காடையாம்பட்டி பக்கம் அரசு புறம்போக்கில் கல் குவாரி ஏலம் எடுத்து ஓட்டுகிறேன். போன வருஷம் நட்டம். வருமான வரி இல்லை என்கிறார் ஆடிட்டர். அப்படியானால் ராயல்டி மட்டும் ஏன்? கட்டியதைத் திரும்ப வாங்கித் தருகிறேன், முப்பது சதவீதம் கொடு என்கிறார் ஒருவர். நம்பலாமா?

பதில்: நம்பாதீர்கள். அவர் வாங்கித் தரப்போவது ராயல்டி அல்ல, உங்கள் சொந்தப் பணம். எப்படி என்று பிறகு சொல்கிறேன்.

வருமான வரி லாபத்துக்கு. ராயல்டி (பெர்மிட்டில் சீனியரேஜ் என்று இருப்பதும் இதுதான்) கல்லுக்கு. கல் அரசுடையது, வெட்டி எடுக்கிறீர்கள், விலை கொடுக்கிறீர்கள். மளிகைக் கடைக்காரருக்கு வியாபாரம் படுத்துவிட்டது என்பதற்காக மொத்த வியாபாரி அரிசி விலையைத் திருப்பித் தருவாரா? 1989இல், தமிழ்நாட்டு சிமென்ட் வழக்கு ஒன்றில், ராயல்டியும் வரிதான் என்றது உச்ச நீதிமன்றம். 2024 ஜூலையில் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில், அது வரியே அல்ல, குத்தகைதாரர் குத்தகை கொடுத்தவருக்குத் தரும் தொகை என்று மாற்றிவிட்டது. அதனால் ராயல்டிக்கு மேல் மாநிலம் தனியாக வரி போடவும் வழி திறந்தது. 2025 ஏப்ரலில் நம் மாநிலம் கனிம நிலத்துக்கு வரி போட்டதே, அந்த வழியாக வந்ததுதான். அதுவும் லாப நட்டம் பார்க்காது.

ஒரு கணக்கு. எண்கள் புரிவதற்காக நான் வைத்தவை. 50,000 டன் கல், டன் 300 ரூபாய்க்குப் போகிறது. வெடி, டீசல், கூலி எல்லாம் சேர்த்து 280. ராயல்டி 40. டன்னுக்கு 20 ரூபாய் நட்டம், மொத்தம் 10 லட்சம். வருமான வரி பூஜ்யம், ராயல்டி 20 லட்சம். அடுத்த வருஷம் அதே கல் 500க்குப் போனால் டன்னுக்கு 180 லாபம். அப்போதும் ராயல்டி அதே 40தான். கெட்ட வருஷத்தில் கழுத்தை நெரிக்கும், நல்ல வருஷத்தில் அரசுக்கே ஏமாற்றம்.

இதைச் சரிசெய்ய வந்ததுதான் உபரி லாப வரி. ஆஸ்திரேலியாவில் பெட்ரோலியத்துக்கு 1980களிலிருந்து 40 சதவீதம். ஆனால் போட்ட முதலும், அது முடங்கிக் கிடந்த காலத்துக்கான ஈடும் கழிந்த பிறகு மிஞ்சுவதற்கு மட்டும்தான். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் செலவுக் கணக்கை ஊதிக் காட்டாமல் இருக்கிறார்களா என்று வருஷா வருஷம் பார்க்க வேண்டும். நம் ஊரில் டன் எண்ணுவதற்கே ஆள் இல்லை. 2012இல் அதே நாடு இரும்புத்தாதுக்கும் நிலக்கரிக்கும் ஒன்று போட்டு, இரண்டே வருஷத்தில் எடுத்துவிட்டது. நம் ஊரில் அந்த உபரியை முன்கூட்டியே உறிஞ்சுவது ஏலத் தொகை. ஆசையில் ஏற்றிக் கேட்ட தொகையை, விலை இறங்கினாலும் யாரும் குறைக்கமாட்டார்கள்.

சொந்த உபயோகத்துக்கு ராயல்டி இல்லையாமே என்று மாதம் ஒருவராவது என்னிடம் வருகிறார். அந்தச் சலுகை சட்டத்தில் உண்டு. நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி, வீட்டு அடுப்புக்கு, மாதம் ஒரு டன்னில் மூன்றில் ஒரு பங்கு வரை. நிலக்கரி. தொழிலாளி. அவ்வளவுதான். உங்கள் கிரஷர் ஷெட்டுக்கு அஸ்திவாரம் போட்ட கல்லுக்கு அது பொருந்தாது.

சரி, அந்த முப்பது சதவீத ஆசாமி. நீங்கள் ராயல்டி கட்டும்போது கூடவே 2 சதவீதம் வருமான வரி என்று வாங்கியிருப்பார்கள். மேலே சொன்ன கணக்கில் 40,000 ரூபாய். இது உங்கள் பேரில் முன்கூட்டியே பிடித்த வரி. நட்டமென்றால் ரிட்டர்ன் போட்டதும் அப்படியே திரும்ப வரும். அதில் 12,000 ரூபாயைக் கமிஷனாக அடிப்பதுதான் அவர் திட்டம். இதே ஆட்கள்தான் நடைச்சீட்டில் டன் குறைத்துப் போடச் சொல்வதும். பள்ளத்தை அளந்து, கன மீட்டரை எடையாக்கி, பெர்மிட்டோடு ஒப்பிட்டு அபராதம் வரும் நாளில் போனை எடுக்கமாட்டார்கள்.

நீங்கள் செய்யவேண்டியது இதுதான். வருமான வரித் தளத்தில், உங்கள் பேரில் பிடித்த வரியெல்லாம் பதிவாகும் 26AS பட்டியலை எடுத்து, அந்த 2 சதவீதம் முழுதும் வந்திருக்கிறதா என்று சலானோடு ஒத்துப் பாருங்கள். என் கட்சிக்காரர் ஒருவருக்கு, வசூலித்த அலுவலகம் பான் எண்ணில் ஓர் எழுத்தை மாற்றிப் போட்டுவிட்டது. திருத்த எட்டு மாதம் நடந்தோம், அத்தனைக்கும் தவறு அவர்களுடையது. வரவில்லையென்றால் சலான் நகலோடு இப்போதே எழுதிக் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். ரிட்டர்னைக் கெடு தேதிக்குள் போடச் சொல்லி ஆடிட்டரை நெருக்குங்கள். தாமதமானால் அந்தப் பத்து லட்சம் நட்டத்தை அடுத்த எட்டு வருஷ லாபத்தில் கழிக்கும் உரிமை போய்விடும்.