தனியாக அழைத்துப் பேசினாலும் ‘எல்லாம் நன்றாகப் போகிறது’ என்றே சொல்கிறார்கள்

கேள்வி: கானாடுகாத்தான் அருகே ஒரு பழைய வீட்டை விடுதியாக நடத்துகிறோம், நான் மேலாளர். சமையல், அறைப் பராமரிப்பு, வரவேற்பு என்று ஐந்து பொறுப்பாளர்கள் நேரடியாக என் கீழ் இருக்கிறார்கள். மாதம் ஒருமுறை ஒவ்வொருவரையும் தனியாக அழைத்துப் பேசுகிறேன். “எல்லாம் நன்றாகப் போகிறது சார்” என்று சொல்லிவிட்டுப் பத்து நிமிடத்தில் எழுந்துவிடுகிறார்கள். அவர்கள் மனத்தில் இருப்பது பிறகு எங்கள் கணக்கர் மூலமாகத்தான் எனக்குத் தெரிகிறது. இந்தச் சந்திப்பை எப்படிப் பயனுள்ளதாக்குவது?

பதில்: முதலில் கணக்கரை இந்த ஏற்பாட்டிலிருந்து விலக்குங்கள். அவர் நல்ல எண்ணத்தோடுதான் சொல்கிறார் என்றே வைத்துக்கொள்வோம். ஆனாலும் அந்த வழி திறந்திருக்கும்வரை உங்கள் எதிரில் உட்கார்ந்து யாரும் வாய் திறக்கப் போவதில்லை. அவர் மூலம் சொன்னால் அவர்களுக்கு ஆபத்து இல்லை. நீங்கள் கோபப்பட்டால் “நான் அப்படிச் சொல்லவே இல்லை” என்று விலகிக்கொள்ளலாம். அத்துடன், எதைச் சொல்வது, எதை விடுவது, எந்தத் தொனியில் சொல்வது என்பதையெல்லாம் இடையில் இருப்பவரே முடிவு செய்கிறார். நான் ஆலோசனை சொல்லப் போன ஒரு விடுதியில், சமையல் பொறுப்பாளருக்குச் சம்பளம் போதவில்லையாம் என்று இப்படி ஒருவர் வந்து சொல்ல, மாதம் 2,000 ரூபாய் கூட்டிக் கொடுத்தார்கள். அவர் கேட்டது வாரத்தில் மாறாத ஒரு விடுமுறை நாள். இரண்டே மாதத்தில் அவர் வேலையை விட்டுப் போனார்.

அடுத்த முறை கணக்கர் சேதி கொண்டுவந்தால், “அதை அவரே என்னிடம் சொல்லட்டும்” என்று அங்கேயே நிறுத்திவிடுங்கள். அதைவிட முக்கியமாக, ஏற்கெனவே காதில் விழுந்ததை வைத்துக்கொண்டு “நீங்கள் இப்படிச் சொன்னீர்களாமே?” என்று யாரையும் கேட்காதீர்கள். கேட்டால், அந்த இடைவழி நன்றாக வேலை செய்கிறது என்று நீங்களே உறுதிப்படுத்தியதாகிவிடும்.

மாதம் ஒருமுறை என்பது நீண்ட இடைவெளி. இரண்டு வாரங்களுக்கு ஒருமுறை, ஒருவருக்கு அரைமணி நேரம், மாறாத கிழமை, மாறாத மணி என்று வையுங்கள். ஐந்து பேருக்கும் சேர்த்து இரண்டரை மணி நேரம்தான் ஆகும். வருவோர் போவோர் கண்ணில் படும் முகப்பு வேண்டாம். உங்கள் மேசைக்கு எதிர் நாற்காலியும் வேண்டாம். வீட்டின் இரண்டாம் கட்டுப் பகுதியில் ஒரு தூணோரம் போதும்.

சந்திப்பில் எதைப் பேசுவது என்பதை அவர்கள் தீர்மானிக்க வேண்டும். இன்டெல் நிறுவனத்தை வளர்த்த ஆண்டி குரோவ் 1983-இலேயே இதைத் தெளிவாக எழுதிவிட்டார்: அந்த நேரம் கீழே பணிபுரிபவருக்கு உரியது. ஆனால் உங்கள் ஆட்களிடம் தாளைக் கொடுத்து எழுதி வரச் சொன்னால் அதையே ஒரு தேர்வாக எண்ணிப் பயப்படுவார்கள். முந்தின நாளே “நாளை பேச இரண்டு விஷயம் யோசித்து வாருங்கள்” என்று வாய்மொழியாகச் சொல்லுங்கள். முதல் இருபது நிமிடம் அவர்களுடையது, கடைசிப் பத்து நிமிடம் உங்களுடையது. எத்தனை அறை நிரம்பியது, எரிவாயு எவ்வளவு செலவானது என்பவற்றைக் காலைக் கூட்டத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். இங்கே கேட்டால் இதுவும் இன்னொரு கணக்கு ஒப்படைப்பு ஆகிவிடும்.

சென்னையிலிருந்து வந்து நாற்பது கேள்விகள் கொண்ட படிவத்தை விற்றுவிட்டுப் போகிறவர்களை நம்பாதீர்கள். அந்தப் படிவம் நிரம்பி வந்தால்தான் சந்திப்பு நடந்தது என்று ஒப்புக்கொள்ளும் வெளிநாட்டுவாழ் உரிமையாளர்களைப் பற்றி நான் என்ன சொல்ல! ஆண்டு இறுதி மதிப்பீடு என்ற பெயரில் பன்னிரண்டு மாதக் குறையை ஒரே மாலையில் கொட்டும் வழக்கமும் இந்த வகைதான்.

கேட்பது எப்படி என்பதற்கு ஒரு நிகழ்வைச் சொல்கிறேன். எட்டு அறைகள் உள்ள ஒரு விடுதியில், பகல் 2 மணிக்கு வரும் விருந்தினருக்கு அறை தயாராக இருப்பதில்லை. மேலாளர் ஒவ்வொரு முறையும் “ஏன் தாமதம்?” என்று கேட்பார், அறைப் பராமரிப்பைப் பார்க்கும் அம்மா “சரி செய்துவிடுகிறேன் சார்” என்பார். கேள்வியே குற்றச்சாட்டாக இருந்ததால் மன்னிப்பு மட்டும்தான் பதிலாக வந்தது. நான் கேள்வியை மாற்றச் சொன்னேன்: “நேற்று 11 மணிக்கு விருந்தினர் காலி செய்ததிலிருந்து என்ன நடந்தது, வரிசையாகச் சொல்லுங்கள்.” அவர் கூட்டிப் பெருக்கியதைச் சொன்னார், குளியலறையைச் சொன்னார், பிறகு நிறுத்தினார். மேலாளர் அந்த இடைவெளியை நிரப்பாமல் காத்திருந்தார். பத்து விநாடி அங்கே மிக நீளமாகத் தெரியும். அதன் பிறகுதான் அந்த அம்மா, “வெளுப்புக்குப் போன விரிப்பு காரைக்குடியிலிருந்து ஒன்றரை மணிக்குத்தான் வருகிறது, அதுவரை கட்டில் வெறுமையாகக் கிடக்கிறது” என்றார்.

காரணம் இப்போது தெரிந்தது. கட்டிலில் ஒன்று, வெளுப்பில் ஒன்று, அலமாரியில் ஒன்று என்று ஒரு கட்டிலுக்குக் குறைந்தது மூன்று விரிப்புத் தொகுதிகள் வேண்டும். அங்கே இரண்டுதான் இருந்தன. மேலாளர் உடனே தீர்ப்புச் சொல்லாமல், “அப்படியானால் அலமாரியில் ஒன்று கூட இல்லாததுதான் சிக்கல், சரிதானே?” என்று திருப்பிச் சொல்லி உறுதிப்படுத்திக்கொண்டார். திருப்பிச் சொல்லும்போதுதான் தவறாகப் புரிந்துகொண்டது வெளிப்படும். அங்கேயும் அந்த அம்மா, “தலையணை உறையும்தான் சார்” என்று சேர்த்தார்.

பின்தொடர்தலுக்கு ஒரு சாதாரணக் கோடு போட்ட நோட்டு போதும். மேலே தேதி, கீழே ஒரு வேலைக்கு ஒரு வரியாக யார் செய்வது, என்ன செய்வது, எப்போதுக்குள் என்று எழுதுங்கள்; மூன்று வரிகளுக்கு மேல் வேண்டாம். எழுதியதை அவர் எதிரிலேயே படித்துக் காட்டுங்கள். அந்த மூன்றில் ஒன்றாவது நீங்கள் செய்ய வேண்டியதாக இருக்கட்டும். அடுத்த சந்திப்பு அந்தப் பக்கத்திலிருந்தே தொடங்க வேண்டும். மேற்சொன்ன விடுதியில் உரிமையாளர் நான்கு அறைகளுக்கு மட்டுமே விரிப்பு வாங்கச் சம்மதித்தார். மேலாளர் அதை மறைக்காமல், “பாதிதான் கிடைத்தது, மீதியை மார்ச்சுக்குப் பிறகு மீண்டும் கேட்கிறேன்” என்றார். அந்தச் சந்திப்பில்தான் அந்த அம்மா, கேட்காமலேயே, புதிதாக வந்த பெண் இரவு வேலைக்கு அஞ்சுகிறாள் என்று சொன்னார். முடியாது என்ற பதிலையும் கொண்டுவந்து சேர்க்கும் மேலாளரிடம்தான் அடுத்த விஷயம் வரும்.

ஒன்றில் மட்டும் மிகக் கவனமாக இருங்கள். “இங்கே பேசுவது இந்த இடத்தை விட்டுப் போகாது” என்று பொதுவாக வாக்குக் கொடுக்காதீர்கள். புதிதாக வந்த அந்தப் பெண்ணின் அச்சத்துக்குப் பின்னால் ஒருவருடைய சீண்டல் இருந்தால் என்ன செய்வீர்கள்? பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பத்து அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் இடத்தில் இத்தகைய புகாரை விசாரிக்கும் உள்ளகக் குழு இருந்தாக வேண்டும். அதற்குக் குறைவாக இருந்தால் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் போக வேண்டும். புகாரை நிகழ்வு நடந்த மூன்று மாதத்துக்குள் எழுத்தில் தர வேண்டும்; தக்க காரணம் இருந்தால் குழு மேலும் மூன்று மாதம் வரை நீட்டிக்கலாம். அந்தப் பெண்ணால் எழுத முடியாவிட்டால் எழுதித் தர உதவுவது குழுவின் கடமை. நீங்களே இருவரையும் அழைத்துச் சமாதானம் பேசுவதும், “அவனிடம் நான் சொல்லிவைக்கிறேன்” என்று கணக்கர் இடையில் நுழைவதும் தவறு. எனவே முதல் சந்திப்பிலேயே, “நீங்கள் சொல்வதை வெளியே பேச மாட்டேன், யாருக்காவது தீங்கு நேர்ந்திருந்தால் மட்டும் அதைக் குழுவிடம் கொண்டுபோக உதவுவேன், அதையும் உங்களிடம் சொல்லிவிட்டே செய்வேன்” என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். உங்கள் விடுதியில் அந்தக் குழு உண்மையில் இருக்கிறதா, அல்லது சுவரில் ஒட்டிய தாளில் மட்டும் இருக்கிறதா என்பதை இந்த வாரமே பாருங்கள்.