இலவசமா வந்த குர்தியும் என் நாத்தனாரும்

கேள்வி: 1200 ரூபா சட்டை. ஒரு கடையில ‘ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்’. எதிர்க் கடையில ‘ஃப்ளாட் 50%’. ரெண்டும் ஒண்ணுதானே? எதை எடுக்கலாம்?

பதில்:

தனியா ரூம் எடுத்துத் தங்கியிருக்கிற பையன், ஆபீஸ் போட்டுட்டுப் போக ஒரு சட்டை வேணும், மாசக் கடைசி. உங்க நிலைமை இதுதான்னு நானா முடிவு பண்ணிக்கிறேன். அப்படின்னா யோசிக்கவே வேணாம், எதிர்க் கடைக்குப் போங்க. அங்க 600 ரூபா கொடுத்தா ஒரு சட்டையோட வெளிய வந்துடலாம். இந்தக் கடையில 1200 கொடுக்காம வெளிய வர முடியாது. ரெண்டாவது சட்டை நிஜமாவே வேணும், ரெண்டோட விலையும் சரிசமம், ரெண்டுக்கும் காசு கொடுக்கறது ஒரே ஆள். இந்த மூணும் சேர்ந்தா மட்டும்தான் நீங்க சொல்ற மாதிரி ரெண்டு ஆஃபரும் ஒண்ணு.

உங்களுக்கு வேண்டியது அவ்வளவுதான், இதோட நிறுத்திக்கலாம். ஆனா இந்தக் கேள்வியைப் பார்த்ததுமே எனக்குப் பழசெல்லாம் ஞாபகம் வந்துடுச்சு.

பெங்களூர்ல ஜெயநகர் பக்கம் ஒரு துணிக்கடையில ஆறு வருஷம் பில்லிங்ல இருந்தவ நான். ரெண்டாவது குழந்தை பொறந்தப்புறம்தான் நின்னேன். அதனால கடைக்காரர் எந்தப் போர்டை எப்ப மாட்டுவார்னு எனக்குத் தெரியும். 1200 போட்ட சட்டை அவருக்கு 450க்கு வந்ததுன்னு வச்சுக்குங்க. பாதி விலைக்கு வித்தா ஒரு சட்டைக்கு 150 ரூபா நிக்கும். வர்றவங்கள்ல பாதிப் பேர் ஒண்ணு எடுத்துட்டுப் போயிடுவாங்க. ‘ஒண்ணு வாங்கினா ஒண்ணு ஃப்ரீ’ன்னு போட்டா ஒவ்வொருத்தர் தலையிலயும் ரெண்டு சட்டை கட்டியாச்சு. 1200 கல்லாவுக்கு வருது, 900 போக 300 நிக்குது, ரேக்கும் காலியாகுது. சட்டைக்கு சட்டை லாபம் அதே 150தான். ஆனா ஒரு சட்டைக்கு வந்த ஆள்கிட்ட ரெண்டு சட்டை வித்தாச்சு. சீசன் முடியறப்ப அவருக்குப் பணத்தைவிட ரேக்தான் பெரிய கவலை.

இவ்வளவு தெரிஞ்ச நான்தான் ஏமாந்தேன். அதுவும் வேத்து ஆள்கிட்ட இல்ல.

தீபாவளிக்கு ரெண்டு வாரம் முன்னாடி நானும் என் நாத்தனாரும் கமர்ஷியல் ஸ்ட்ரீட் போனோம். என் வீட்டுக்காரரோட மூத்த அக்கா, நான் அண்ணின்னு கூப்பிடுவேன். நல்ல மனுஷி. இதை எழுதறதால அவங்களைக் குறை சொல்றேன்னு யாரும் கமெண்ட்ல ஆரம்பிச்சிடாதீங்க. உங்க கதையேதான் எங்க கதையும், இந்தப் பக்கம் ஃப்ரீ போர்டு, அந்தப் பக்கம் ஃப்ளாட் 50. நான் அந்தப் பக்கம் காலை வச்சேன், அண்ணி கையைப் பிடிச்சு இந்தப் பக்கம் இழுத்துட்டாங்க. “ரெண்டு பேர் இருக்கோம், ஆளுக்கு ஒண்ணு. கணக்கு சரியா வருதே”ன்னாங்க. அண்ணி எடுத்த குர்தி 1800. எனக்குப் பிடிச்சது 1200. விலை கம்மியா இருக்கறதுதான் ஃப்ரீன்னு போர்டுக்கு அடியில பொடி எழுத்துல இருந்துச்சு, எங்கயும் அப்படித்தான் இருக்கும். பில் 1800. அண்ணி கார்டு தேய்ச்சாங்க.

இங்கதான் முதல் விஷயத்தைக் கவனிக்கணும். 3000 ரூபா சரக்குக்கு 1800 கொடுத்தோம். அது 40% தள்ளுபடி, 50 இல்ல. எதிர்க் கடையில இதே விலைக்கு ரெண்டு எடுத்திருந்தா 900ம் 600ம் சேர்த்து 1500தான் ஆகியிருக்கும். 300 ரூபா கூட. கவுண்டர்ல இருக்கறவங்க மனசுக்குள்ள போடற கணக்கு ஒண்ணு இருக்கு. ரெண்டு உருப்படிக்கும் நடுவுல எவ்வளவு விலை வித்தியாசமோ, அதுல பாதி உங்களுக்கு நஷ்டம். எங்களுக்கு வித்தியாசம் 600, நஷ்டம் 300. அதனால ஃப்ரீ ஆஃபர்ல எடுத்தே ஆகணும்னா ரெண்டும் ஒரே விலையில எடுங்க. பிடிச்சதுன்னு ஒண்ணு, சும்மாதானே வருதுன்னு மலிவா ஒண்ணுன்னு எடுத்தா அந்த மலிவுக்கும் நீங்கதான் காசு கொடுக்கறீங்க.

ஆட்டோவுல வரும்போது அண்ணி, “ஆளுக்குப் பாதியா 900 போட்டுக்கலாம்மா”ன்னாங்க. கேக்க எவ்வளவு நியாயமா இருக்கு! எனக்கு மட்டும் அல்சூர் வர்ற வரைக்கும் மனசு ஆறல. 1800 குர்திக்கு அண்ணி 900 கொடுத்தா அவங்களுக்கு முழுசா பாதி விலை கிடைச்சாச்சு. 1200 குர்திக்கு நான் 900 கொடுத்தா எனக்குக் கிடைச்சது வெறும் கால்வாசித் தள்ளுபடி. எதிர்க் கடையில 600க்கு எடுத்திருக்க வேண்டியது. மொத்த நஷ்டம் 300ம் அப்படியே என் தலையில. போர்டைப் பார்த்து இழுத்தது அவங்க, இல்லையா?

அவங்கவங்க எடுத்த விலைப்படி பிரிக்கறதுதான் சரி. மொத்தத்துக்கு 40% தள்ளுபடின்னா ரெண்டு பேருக்கும் 40. அவங்களுக்கு 1080, எனக்கு 720. நஷ்டமும் 180, 120ன்னு பிரிஞ்சுடும். ராத்திரி அண்ணி நம்பருக்கு 720 அனுப்பிட்டேன். அனுப்பினதோட விட்டிருக்கலாம். கணக்கையும் விளக்கமா டைப் பண்ணி அனுப்பினேன். அண்ணி பார்த்ததுக்கு ரெண்டு நீல டிக் வந்துச்சு, பதில் வரல. மறுநாள் என் வீட்டுக்காரருக்குத்தான் போன் வந்துச்சு. “உன் பொண்டாட்டி இன்னும் அந்தக் கடை கவுண்டர்லயே உக்காந்திருக்கா போல.”

180 ரூபாய்க்கா சண்டைன்னு கேப்பீங்க. 180க்கு இல்லைங்க. கணக்கு தெரிஞ்ச பொம்பளைன்னா அல்பம்னு ஆயிடுது, அதுக்கு. இதே கணக்கை என் வீட்டுக்காரர் சொல்லியிருந்தா ‘தம்பி எவ்வளவு விவரம்’னு சொல்லியிருப்பாங்க.

சரி, விஷயத்துக்கு வரேன். வீட்டுல போட்டுப் பார்த்தா எனக்கு அந்தக் குர்தி தோள்ல பிடிக்குது. மறுநாளே எடுத்துட்டுப் போனேன். கவுண்டர்ல இருந்த பொண்ணு பில்லை என் பக்கமாத் திருப்பிக் காட்டிச்சு. அண்ணி குர்திக்கு நேரா 1800. என் குர்திக்கு நேரா 1200, தள்ளுபடி 1200, நிகரம் பூஜ்யம். “மேடம், இதுக்கு நீங்க காசே கொடுக்கலயே, என்ன திருப்பித் தர்றது? வேணும்னா 1200க்குள்ள வேற மாத்திக்குங்க. இல்லன்னா ரெண்டையும் சேர்த்துக் கொண்டு வாங்க.” என் சைஸ்ல அந்த விலைக்குள்ள ஒண்ணும் இல்ல. அண்ணி குர்தியை எந்த முகத்தை வச்சுக்கிட்டு அன்னிக்குப் போய்க் கேக்கறது?

அந்தப் பொண்ணு மேல தப்பில்ல. அந்த இடத்துல உக்காந்து நானே இதை நூறு தடவை சொல்லியிருக்கேன். பில்லிங் மெஷின்ல இந்த ஆஃபரை ரெண்டு விதமாப் போட்டு வைக்கலாம். ஒண்ணு, கம்மி விலை உருப்படியைப் பூஜ்யம் ஆக்கறது. இன்னொண்ணு, தள்ளுபடியை ரெண்டு மேலயும் பிரிச்சு 1080, 720ன்னு போடறது. ரெண்டாவது மாதிரி பில் வந்திருந்தா 720ஐ உரிமையாக் கேட்டிருப்பேன், அந்தக் கடையில ரிட்டர்ன் உண்டு. ஃப்ளாட் 50ல இந்தப் பிரச்சினையே வராது, ஒவ்வொண்ணும் அதோட பாதி விலையில தனித்தனியா நிக்கும். அதனால ஃப்ரீ ஆஃபர்னா காசு கொடுக்கறதுக்கு முன்னாடி, “ஒண்ணை மட்டும் ரிட்டர்ன் பண்ணா எவ்வளவு வரும்?”னு கேட்டுடுங்க. பதில் சொல்ல அவங்க தயங்கினா அது பூஜ்ய பில்தான்.

கவுண்டர்ல இருந்தவங்க வெளிய சொல்லாத விஷயம் இன்னொண்ணும் இருக்கு. நாலு உருப்படி எடுக்கறீங்க, 1800, 1700, 1200, 1100. எல்லாத்தையும் ஒரே பில்லுல போட்டா சில கடை மெஷின் கடைசி ரெண்டையும் ஃப்ரீ ஆக்கிட்டு மேல இருக்கற ரெண்டுக்கும் காசு கேக்கும். 3500. அதையே 1800ம் 1700ம் ஒரு பில், 1200ம் 1100ம் ஒரு பில்லுன்னு போடச் சொன்னா 1800ம் 1200ம் சேர்த்து 3000. 500 ரூபா மிச்சம். ஃப்ளாட் 50ல 2900தான். எல்லா மெஷினும் இப்படி இல்ல, சிலது தானாவே பக்கத்துப் பக்கத்து விலையாச் சேர்த்துக்கும். எப்படி இருந்தாலும் ரெண்டு பில்லாக் கேக்கறதுல நஷ்டமில்ல. பின்னாடி வரிசையில நிக்கறவங்க முறைப்பாங்க, முறைக்கட்டும்.

முறைக்கறதுன்னதும் ஞாபகம் வருது. அன்னிக்கு 1800 ரூபாய்க்குத் துணி எடுத்துட்டு, பைக்கு 15 ரூபான்னாங்க. கடை பேர் கொட்டை எழுத்துல போட்ட காகிதப் பை! அவங்க விளம்பரத்தை நான் காசு கொடுத்துத் தூக்கிட்டுத் திரியணுமாம். உள்ள வரும்போது எங்கயும் போர்டு இல்ல, கார்டு தேய்ச்சப்புறம்தான் சொல்றாங்க. முன்கூட்டியே சொல்லாம கவுண்டர்ல பைக்குக் காசு வாங்கறது நியாயமில்லாத வியாபார முறைன்னு தேசிய நுகர்வோர் ஆணையம் 2020 டிசம்பர்லயே சொல்லிடுச்சு. சொல்லி என்ன? துணியைக் கையிலயா அள்ளிட்டுப் போறது? 15 ரூபாயைச் சில்லறையா நான்தான் கொடுத்தேன். என் 720 கணக்குல அதைச் சேர்க்கவும் இல்ல. யாரு அல்பம்னு நீங்களே சொல்லுங்க.

குர்தியை எங்க தெரு டெய்லர்கிட்ட கொடுத்து, தோள்லயும் பக்கத்துலயும் தையலைப் பிரிச்சு விட்டு வாங்கினேன். 80 ரூபா. அதையும் சேர்த்தா எனக்கு 800 ஆச்சு. எதிர்க் கடையில சரியான சைஸை 600க்கு எடுத்துட்டு வந்திருப்பேன்.

அண்ணி ரெண்டு மாசத்துக்கு மேல என்கூடப் பேசல. பொங்கலுக்குப் போனப்பதான் பேசினாங்க, 180 ரூபாயைப் பத்தி இல்ல. கிளம்பும்போது குழந்தைங்களுக்குன்னு முறுக்கும் அதிரசமும் கட்டி ஒரு பையில போட்டுக் கொடுத்தாங்க. அந்தக் கடைப் பைதான். நான் 15 ரூபா கொடுத்து வாங்கினது.