கடை பில்லில் தமிழும் இங்கிலீஷும் கலந்து வந்தால்: ஓசிஆர் கேள்வி பதில்

படத்தில் இருக்கும் எழுத்தைக் கணினி படித்துத் திருத்தக்கூடிய எழுத்தாக மாற்றித் தருவதுதான் ஓசிஆர். அதைச் செய்யும் மென்பொருள்களில் ஒன்று டெசராக்ட். பதில் சொல்பவர் நாகர்கோவிலில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்துக்காகக் கடை பில்களைக் கணினியில் ஏற்றுகிறவர்.

மார்த்தாண்டம், இன்ஜினியரிங் மாணவர்: அக்கா, டெசராக்ட்டில் `tam+eng` போட்டுத்தான் ஓட்டுறேன். பொருள் பெயர் ஓரளவு சரியா வருது. ரேட்டும் தொகையும் மட்டும் கந்தலா வருது. ஏன்?

முழு பில்லையும் ஒரே மூச்சில் படிக்க வைப்பதால்தான். எண் இருக்கும் பத்தியில் தமிழுக்கு என்ன வேலை? இரண்டு மொழியையும் திறந்துவிட்டால், மை கொஞ்சம் மங்கிய எண்ணைக்கூட அது தமிழ் எழுத்தாக எடுத்துக்கொள்ளும். பெயர்ப் பத்தியை ஒரு படமாகவும் எண் பத்திகளை இன்னொரு படமாகவும் வெட்டிவிடுங்கள். ஒரே கடையில் ஒரே பிரிண்டர், ஒரே பில்லிங் சாஃப்ட்வேர் என்பதால், பேப்பர் அகலத்தில் பத்தி எங்கே தொடங்குகிறது என்று ஒருமுறை அளந்து வைத்தால் போதும்.

```
tesseract peyar.png peyar -l tam+eng --psm 6 tsv
tesseract thogai.png thogai -l eng --psm 6 -c tessedit_char_whitelist=0123456789. tsv
```

எண்ணும் புள்ளியும் மட்டுமே வர வேண்டும் என்று சொல்வதுதான் இரண்டாம் வரியில் உள்ள வைட்லிஸ்ட். டெசராக்ட் 4.0 வைத்திருந்தால் அது வேலை செய்யாது, 4.1 அல்லது அதற்கு மேல் வேண்டும். கடைசியில் `tsv` போட்டதற்கும் காரணம் உண்டு. நீளமான தமிழ்ப் பெயர் இரண்டு வரியாக மடங்கும், தொகை ஒரே வரியில் இருக்கும். வரிசை எண்ணை வைத்து ஒட்டினால் கீழே உள்ள எல்லாம் ஒரு படி நகர்ந்துவிடும். `tsv` கோப்பில் ஒவ்வொரு சொல்லும் மேலிருந்து எத்தனையாவது பிக்சலில் இருக்கிறது என்று வரும். அதை வைத்து ஒட்டுங்கள்.

தக்கலை, கணக்கு எழுதுபவர்: மேடம், பில்லில் மொத்தம் 380. வந்தது 2380. இதை எப்படி நம்பி கணக்கில் ஏற்றுவது?

நம்பக் கூடாது சார், கூட்டிப் பார்க்க வேண்டும். வைட்லிஸ்ட் போட்டால் ₹ குறியும் 2, 7 மாதிரி ஏதாவது ஓர் எண்ணாக வந்துவிடலாம். உங்கள் பில் மாதிரி ஒன்று இப்படி வந்தது என்று வையுங்கள்:

```
௧ருப்பட்டி     0.500  340.00   17000
மரச்சீனி       3.000   40.00  120.00
மட்டிப் பழம    1.500   60.00   90.00
மொத்தம்                       2380.00
```

முதலில் வரி வரியாக அளவையும் ரேட்டையும் பெருக்குங்கள். அரை கிலோ கருப்பட்டி 340 ரூபாய் வீதம் 170. வந்திருப்பது 17000, அதாவது தசமப் புள்ளி விழுந்துவிட்டது. மற்ற இரண்டு வரியும் சரி. இப்போது 170, 120, 90 கூட்டினால் 380. மொத்தத்தில் முன்னால் நிற்கும் 2 எங்கிருந்து வந்தது என்று தெரிந்துவிடும். இந்த வரிசையில்தான் செய்ய வேண்டும். 17000ஐத் திருத்தாமல் கூட்டினால் எதுவும் எதோடும் ஒட்டாது.

ஒரு ஓட்டை இருக்கிறது. அளவு 1 என்றால் ரேட்டும் தொகையும் ஒரே எண். 83 என்பதை இரண்டு இடத்திலும் 88 என்று தப்பாகப் படித்தால் பெருக்கல் சரியாகவே வரும். மொத்தம்தான் அதைக் காட்டிக்கொடுக்கும். தள்ளுபடி, ரவுண்ட் ஆஃப் வரிகளையும் கூட்டலில் சேர்க்க மறக்காதீர்கள். அதற்குப் பிறகும் ஒட்டாத பில்லைத் தனியாக ஒதுக்கிக் கண்ணால் பார்ப்பதுதான் வழி.

கொல்லங்கோடு, மொபைல் கடை வைத்திருப்பவர்: படத்தை நல்லா கருப்பு வெள்ளையாக்கி, தூசியெல்லாம் நீக்கிட்டா போதும். மத்ததெல்லாம் வீண் வேலை. எனக்கு அப்படித்தான் நல்லா வருது. என்ன, மெய்யெழுத்துப் புள்ளி மட்டும் பாதி போயிடுது.

கருப்பு வெள்ளை சரி. தூசி நீக்குவதில்தான் உங்கள் புள்ளி போகிறது. தெர்மல் பிரிண்டர் பொதுவாக ஒரு மில்லிமீட்டருக்கு 8 புள்ளி அடிக்கும். அந்தச் சின்ன எழுத்தில் மெய்யின் புள்ளி இரண்டுக்கு இரண்டு சதுரமாகத்தான் இருக்கும். படத்திலும் அது அதே அளவில் இரண்டுக்கு இரண்டு பிக்சலாக வந்திருந்தால், நீங்கள் 3×3 மீடியன் ஃபில்டர் போடும்போது 9 கட்டத்தில் 4தான் கருப்பு. பெரும்பான்மை வெள்ளை என்று அது புள்ளியை விழுங்கிவிடும். 'பால்' 'பால' ஆகும். 340.00இல் இருக்கும் தசமப் புள்ளிக்கும் அதே கதி.

அதனால் முதலில் படத்தை மூன்று மடங்கு பெரிதாக்குங்கள். அப்புறம் மெய்ப்புள்ளியைவிடச் சின்னதாக இருக்கும் கறைகளை மட்டும் பரப்பு பார்த்து நீக்குங்கள். சந்தேகம் என்றால் தூசி இருந்துவிட்டுப் போகட்டும். பெயரில் அதிகப்படியாக ஒரு புள்ளி விழுந்தால் கடையின் பொருள் பட்டியலோடு ஒப்பிட்டுத் திருத்திவிடலாம். தொகையில் புள்ளி போனால் பட்டியல் காப்பாற்றாது.

ஒப்பிடுவதற்கு முன் இரண்டு பக்கத்தையும் யூனிகோடு என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றுங்கள். 'கொ'வை ஒற்றைக் கொம்புக்காலாகவும் எழுதலாம், கொம்பும் காலும் தனித்தனியாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்றுதான், கணினிக்கு வேறு. ஆனால் காலுக்குப் பதில் 'ர' வந்திருந்தாலோ, மேலே பார்த்த மாதிரி 'க' இடத்தில் தமிழ் எண் ஒன்று வந்திருந்தாலோ என்எஃப்சி தொடாது. அதற்கு நீங்களே விதி எழுத வேண்டும். ௧ வந்தால் க என்று மாற்றுவதில் எனக்கு இதுவரை பயம் இல்லை, கடை பில்லில் தமிழ் எண் யார் அடிக்கிறார்கள்!

இரணியல், ஓய்வுபெற்ற ஆசிரியர்: மக்ளே, மகன் பில்லை பிடிஎஃப்பா அனுப்பினான். தமிழ் எழுத்தைக் காப்பி செஞ்சு ஒட்டினா ஏதோ இங்கிலீஷ் எழுத்தும் குறியுமா வருது. ஓசிஆர் கெட்டுப் போச்சா?

மாமா, அங்கே ஓசிஆர் நடக்கவே இல்லை. பில் பழைய தமிழ் ஃபான்ட்டில் அடித்தது. திரையில் தமிழாகத் தெரிந்தாலும் உள்ளே இருப்பது இங்கிலீஷ் எழுத்தின் குறியீடு. எந்த ஃபான்ட் என்று தெரிந்தால் யூனிகோடு மாற்றியில் போட்டால் தீர்ந்தது. தெரியாவிட்டால் படமாக்கிப் படிக்கலாம்:

```
pdftoppm -r 300 -png bill.pdf bill
```

கசங்கல், நிழல் எதுவும் இல்லாத படம் என்பதால் போனில் எடுத்ததைவிட நன்றாகவே வரும்.

களியக்காவிளை, ஹார்டுவேர் கடை: எங்களுக்குப் பாறசாலைப் பக்கமிருந்து மலையாள பில்லும் வரும். `tam+mal+eng` போட்டா ஆச்சா?

போடாதீர்கள். ப, வ, ண எல்லாம் இரண்டு மொழியிலும் ஏறக்குறைய ஒரே உருவம். மங்கிய பில்லில் ஒரு சொல் தமிழாகவும் அடுத்தது மலையாளமாகவும் வரும். முதலில் பில்லின் தலைப்பை மட்டும் `eng`இல் படித்து ஜிஎஸ்டி எண்ணைப் பிடியுங்கள். அது 33 என்று தொடங்கினால் தமிழ்நாடு, 32 என்றால் கேரளா. அதைப் பார்த்து `tam+eng` அல்லது `mal+eng` போடுங்கள். பில்லில் உங்கள் கடையின் எண்ணும் இருக்கும், தவறுதலாக அதைப் பிடித்துவிடக் கூடாது. ஜிஎஸ்டி எண்ணே இல்லாத சின்னக் கடை பில்லைக் கையால்தான் பிரிக்க வேண்டும்.

குளச்சல், மீன் வியாபாரி: எங்க ஏலத்துல கார்பன் வச்சுக் கையால எழுதின துண்டுதான். அதையும் படிக்குமா?

இல்லை அண்ணாச்சி. டெசராக்ட் அச்செழுத்துக்கானது. தட்டச்சு செய்வதே சீக்கிரம் முடியும்.

தக்கலை, கணக்கு எழுதுபவர்: இன்னொன்று மேடம். ஒரு பில்லில் 'கருப்பட்டி', அடுத்ததில் அதையே இங்கிலீஷ் எழுத்தில் `KARUPATTI`, இன்னொன்றில் `KARUPPATTY`. மூன்றும் ஒன்றுதான் என்று எப்படிச் சேர்ப்பது?

இதற்கு நல்ல விடை என்னிடம் இல்லை. தமிழை இங்கிலீஷ் எழுத்தாக மாற்றி, சில எழுத்து வித்தியாசத்தை விட்டுக்கொடுத்து ஒப்பிட்டால் கருப்பட்டி மாட்டும். ஆனால் அதே தளர்வில் 'பருப்பு வடை'யும் 'பருப்பு வடகம்' பக்கம் போய்விடும். இப்போதைக்குக் கடைவாரியாக ஒரு பெயர் அட்டவணை வைத்து, புதிதாக ஒரு பெயர் வரும்போது கையால் சேர்க்கிறேன். இதைவிட நல்ல வழி யாரிடமாவது இருந்தால் எழுதுங்கள்.