இரண்டு உண்மைப் படங்களை ஒன்றாக ஒட்டலாமா?

கேள்வி: நாளிதழ் ஒன்றில் புகைப்படக்காரராக இருக்கிறேன். சாலை மறியலில் நான் எடுத்த ஒரு படத்தில் காவலர் லத்தியை ஓங்குகிறார். சில நொடிகள் கழித்து எடுத்த படத்தில் ஒரு மூதாட்டி கீழே விழுகிறார். "இரண்டும் நடந்ததுதானே, ஒரே படமாக ஒட்டிக் கொடு" என்கிறார் செய்தி ஆசிரியர். இதில் சட்டச் சிக்கல் வருமா சார்?

பதில்: வரும். ஒட்டிக் கொடுக்காதீர்கள். லத்தி ஓங்கியதும் நடந்தது, மூதாட்டி விழுந்ததும் நடந்தது. ஆனால் அந்த லத்தியால்தான் அவர் விழுந்தார் என்பதை உங்கள் கேமரா பார்க்கவில்லை. ஒட்டிய படமோ அதை மட்டும்தான் சொல்லும்.

குற்றங்களுக்கான தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆம் பிரிவின்படி படத்தின் மூலம் பழி சுமத்துவதும் அவதூறுதான். உண்மையைப் பொதுநலனுக்காக வெளியிட்டேன் என்று வாதிடலாம். ஆனால் அந்தக் காவலர் வழக்குப் போட்டால், 'இவர் அடித்து அவர் விழுந்தார்' என்பதை நீங்கள் நிரூபிக்க வேண்டியிருக்கும். இரண்டும் தனித்தனியே நடந்தன என்பது போதாது.

எனக்கு இதைவிடப் பெரிய கவலை மூதாட்டியின் புகார். அவரை உண்மையிலேயே யாராவது அடித்திருந்தால், உங்கள் படங்கள்தான் அவருக்குச் சாட்சி. டிஜிட்டல் படத்தை நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63-ஆம் பிரிவுப்படி, கோப்பின் கைரேகை போன்ற ஹாஷ் மதிப்புடன் சான்றிதழ் தர வேண்டும். அந்த ஹாஷ், கோப்பு அதன்பின் மாறவில்லை என்று மட்டுமே காட்டும். படத்தில் இருப்பது நடந்ததா என்று காட்டாது. அதற்கு உங்களைத்தான் கூண்டில் ஏற்றுவார்கள். ஒட்டிய படத்தைக் காட்டி, "காவலரும் மூதாட்டியும் ஒரே நொடியில் இப்படி இருந்தார்களா?" என்று குறுக்கு விசாரணையில் கேட்டால், "இல்லை" என்ற பதிலோடு மூதாட்டியின் வழக்கு ஆட்டம் காணும், உங்கள் மற்றப் படங்களையும் சந்தேகிப்பார்கள். "ஆம்" என்றால் பொய்ச்சாட்சி. பாரதிய நியாய சன்ஹிதாவின் 229-ஆம் பிரிவின்படி ஏழு ஆண்டுகள் வரை சிறை.

கண்டுபிடிக்க மாட்டார்கள் என்று யாராவது சொன்னால், 2003-இல் லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸில் நடந்ததைச் சொல்லுங்கள். ஈராக்கின் பாஸ்ராவுக்கு அருகே பிரையன் வால்ஸ்கி அடுத்தடுத்து எடுத்த இரண்டு படங்கள். ஒன்றில் பிரிட்டிஷ் சிப்பாயின் கையசைப்பு நன்றாக விழுந்திருந்தது, மற்றதில் குழந்தையைத் தூக்கிவரும் மனிதர். இரண்டையும் ஒட்டி அனுப்பினார்; மார்ச் 31 அன்று முதல் பக்கத்தில் வந்தது. அதே படத்தை வெளியிட்ட ஹார்ட்ஃபோர்ட் கூரன்ட் இதழின் ஊழியர் ஒருவர், பின்னால் உட்கார்ந்திருந்தவர்களில் சிலர் இரண்டு முறை இருப்பதைக் கவனித்துவிட்டார். மறுநாளே வால்ஸ்கிக்கு வேலை போயிற்று. பத்திரிகை மூன்று படங்களையும் அச்சிட்டு வாசகர்களுக்கு விளக்கம் சொன்னது.

நீங்கள் செய்ய வேண்டியது எளிது. இரண்டு படங்களையும் அருகருகே, நடுவே தெளிவான இடைவெளியோடு போடச் சொல்லுங்கள். எது முதலில், எது பிறகு என்பதைப் படக்குறிப்பில் எழுதுங்கள். 'சித்தரிப்புப் படம்' என்று ஓரத்தில் பொடி எழுத்தில் போட்டால் போதும் என்பார்கள். மறியல் செய்திக்கு நடுவே வரும் படத்தை எந்த வாசகரும் நடந்ததாகத்தான் எடுத்துக்கொள்வார், அதனால் அதற்கும் ஒப்புக்கொள்ளாதீர்கள். உங்கள் மறுப்பை ஆசிரியருக்கு மின்னஞ்சலில் அனுப்பிவையுங்கள். மெமரி கார்டை அழிக்காமல், ரா கோப்புகளோடு தனியே எடுத்துவையுங்கள். மூதாட்டியின் வழக்கறிஞர் தேடி வரக்கூடும்.